நமக்கு ஒன்பது நிமிடம், டிரோம்சோவுக்கு இரண்டு மாதம்

சிங்கப்பூரில் நவம்பர் 3ஆம் தேதி சூரியன் காலை 6.46 மணியளவில் உதிக்கிறது. மூன்று மாதம் கழித்து பிப்ரவரி 11ஆம் தேதி பார்த்தால் 7.17 ஆகிவிடுகிறது. அரை மணி நேரத்துக்குமேல் வித்தியாசம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இது நன்றாகவே தெரியும். நவம்பரில் வெளிச்சத்தில் பேருந்துக்கு நடந்த பிள்ளை, பிப்ரவரியில் இருட்டில் நடக்கிறது. "இப்பல்லாம் பொழுது லேட்டா விடியுது, பகல் குறைஞ்சு போச்சு" என்று அப்போது யாராவது சொல்வதும் வழக்கம்.

பொழுது தாமதமாக விடிவது உண்மை. பகல் குறையவில்லை. அதே நாள்களில் சூரியன் மறையும் நேரத்தையும் பாருங்கள். நவம்பர் 3இல் மாலை 6.50, பிப்ரவரி 11இல் 7.21. காலையில் நாம் இழந்த அரை மணி நேரம் மாலையில் அப்படியே திரும்பிவிடுகிறது. இரண்டு நாள்களிலும் பகலின் நீளம் ஒன்றுதான்: 12 மணி 4 நிமிடம்.

பள்ளிவாசல்களின் தொழுகை நேர அட்டவணை கையில் இருந்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம். ஷுரூக் என்று போட்டிருப்பது சூரிய உதயம். மஃக்ரிப் சூரியன் மறைந்ததும் தொடங்கும் வேளை. ஆண்டு முழுவதும் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பார்த்தால், சிங்கப்பூரின் மிக நீளமான பகல் ஜூன் 21 வாக்கில் 12 மணி 12 நிமிடமாகவும், மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் 12 மணி 3 நிமிடமாகவும் வரும். ஓர் ஆண்டின் மொத்த ஏற்ற இறக்கமே ஒன்பது நிமிடம்தான். கோலாலம்பூரில் அது 22 நிமிடம். சென்னையில் ஒன்றரை மணி நேரம். லண்டனில் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். நார்வேயின் வடக்கிலுள்ள டிரோம்சோ நகரில் இப்படிக் கணக்குச் சொல்லவே முடியாது. அங்கே மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அது உதிப்பதும் இல்லை.

ஏன் என்று கேட்டால், பூமி 23.4 பாகை சாய்ந்திருக்கிறது என்று பள்ளியில் படித்த பதில் வரும். சரியான பதில்தான், ஆனால் அது பாதிப் பதில். சாய்வு பூமி முழுவதற்கும் ஒன்றுதானே? சிங்கப்பூருக்கு ஒரு சாய்வு, டிரோம்சோவுக்கு இன்னொரு சாய்வு என்று இல்லையே. ஒரே சாய்வு இங்கே ஒன்பது நிமிடத்தையும் அங்கே இரண்டு மாதத்தையும் எப்படி உண்டாக்குகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு மண்டரின் ஆரஞ்சும் ஒரு சாத்தே குச்சியும்

ஒரு மண்டரின் ஆரஞ்சை எடுத்து, காம்பிலிருந்து அடிவரை நடுவாக ஒரு சாத்தே குச்சியைக் குத்துங்கள். குச்சிதான் பூமியின் அச்சு. இரண்டு காம்புப் பக்கங்களுக்கும் சரிநடுவில், பழத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு பேனாக் கோடு போடுங்கள். அது பூமத்திய ரேகை. வட துருவத்துக்குச் சற்றுக் கீழே, தலையில் தொப்பி வைத்ததுபோல் ஒரு சிறிய வட்டம் போடுங்கள். அதை டிரோம்சோவின் பாதை என்று வைத்துக்கொள்வோம். பூமி ஒருமுறை சுழலும்போது ஒவ்வோர் ஊரும் தன் வட்டத்தில் ஒரு சுற்றுப் போகிறது. அந்தச் சுற்றுக்கு 24 மணி நேரம்.

இப்போது அறையை இருட்டாக்கி, சற்றுத் தள்ளி ஒரு டார்ச் விளக்கை வையுங்கள். பழத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி இருளிலும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழத்தைச் சுற்றி ஓர் எல்லை தெரியும். இதை ஒளி எல்லை என்போம். உங்கள் ஊர் இந்த எல்லையைத் தாண்டி வெளிச்சத்துக்குள் வரும் கணம் உதயம், திரும்ப இருளுக்குள் போகும் கணம் அந்தி. ஊரின் வட்டத்தில் எவ்வளவு பங்கு வெளிச்சப் பக்கம் விழுகிறதோ அவ்வளவுதான் அந்த ஊரின் பகல்.

முதலில் குச்சியை நேராக நிறுத்துங்கள். ஒளி எல்லை இரண்டு துருவங்கள் வழியாகவும் போகும். எல்லா வட்டங்களும் சரிபாதியாக வெட்டுப்படும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் 20ஆம் தேதியை ஒட்டி உலகம் முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருப்பது இதனால்தான். அடுத்து, குச்சியின் மேல்முனையை விளக்கை நோக்கிச் சாயுங்கள். இது ஜூன் மாதம். தொப்பி வட்டத்தைப் பாருங்கள், அது முழுவதும் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டது. பழத்தை எவ்வளவு சுழற்றினாலும் அந்த வட்டத்தில் இருள் படாது. இப்போது வயிற்றுக் கோட்டைப் பாருங்கள். அது இன்னமும் சரிபாதியாகத்தான் வெட்டுப்பட்டிருக்கிறது. எவ்வளவு சாய்த்தாலும் அப்படித்தான்.

காரணம் எளிது. பூமத்திய ரேகையின் நடுப்புள்ளி பூமியின் மையத்திலேயே இருக்கிறது. ஒளி எல்லையும் பூமியின் மையத்தை நடுப்புள்ளியாகக் கொண்ட வட்டம்தான். ஒரே மையமுள்ள, ஒரே அளவுள்ள இரண்டு வளையங்களை எப்படிச் சாய்த்துச் செருகினாலும் ஒன்று மற்றதைச் சரிபாதியாகத்தான் வெட்டும். இரண்டு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பார்த்தாலே இது புரிந்துவிடும். மற்ற ஊர்களின் வட்டங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றின் மையம் பூமியின் மையத்தைவிட்டு விலகி, அச்சில் மேலேயோ கீழேயோ இருக்கிறது.

கிலோமீட்டரில் ஒரு கணக்கு

எவ்வளவு விலகியிருந்தால் எவ்வளவு மாறும்? இதைக் கிலோமீட்டரிலேயே கணக்கிட்டுவிடலாம். பூமியின் நடுவயிற்றைத் தரையாக வைத்துக்கொண்டால், சிங்கப்பூரின் வட்டம் அதிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் 21 அன்று ஒளி எல்லை அச்சைவிட்டு 23.4 பாகை சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில், மேலே ஏறும் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் எல்லை பக்கவாட்டில் 43 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகும். சுவரில் சாய்த்து வைத்த ஏணி மேலே போகப் போகத் தரையிலுள்ள தன் காலிலிருந்து விலகிப் போவதுபோல. அப்படியானால் 150 கிலோமீட்டர் உயரத்தில் விலகல் 65 கிலோமீட்டர்.

சிங்கப்பூர் சுற்றிவரும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்தை வெட்டும் கோடு நடுவிலிருந்து 65 கிலோமீட்டர் மட்டும் நகர்ந்திருக்கிறது. ஒரு விழுக்காடு. பூமியின் சுழற்சியில் நாம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். 65 கிலோமீட்டரைக் கடக்க 2 நிமிடம் 20 விநாடி போதும். உதயம் அவ்வளவு முந்தும், அந்தி அவ்வளவு பிந்தும். ஆக, ஜூனில் பகல் 4 நிமிடம் 40 விநாடி கூடுகிறது. டிசம்பரில் சாய்வு எதிர்ப்பக்கம் என்பதால் அதே அளவு குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். தொழுகை அட்டவணையில் நாம் கண்ட எண் இதுதான்.

கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. விலகல் 151 கிலோமீட்டர். உதயத்தில் ஐந்தரை நிமிடம், அந்தியில் ஐந்தரை நிமிடம், ஆக 11 நிமிடம். ஆண்டின் ஏற்ற இறக்கம் அதன் இரு மடங்கு, 22.

வடக்கே போகப் போக இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. உயரம் கூடுவதால் வெட்டும் கோடு நடுவைவிட்டு மேலும் மேலும் விலகுகிறது. அதே நேரத்தில் ஊரின் வட்டம் சிறுத்துக்கொண்டே வருகிறது. லண்டனில் கோடு 2,160 கிலோமீட்டர் விலகுகிறது, வட்டத்தின் ஆரமோ 3,970 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. பாதிக்குமேல் நகர்ந்துவிட்ட கோடு. அதனால்தான் அங்கே ஜூனில் பகல் 16 மணி 38 நிமிடம் நீடிக்கிறது, டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறுவதில்லை.

இந்தப் போட்டியில் விலகலும் ஆரமும் சமமாகும் இடம் ஒன்று உண்டு. 66.5 பாகை வடக்கில் இரண்டுமே ஏறத்தாழ 2,530 கிலோமீட்டர். அங்கே வெட்டும் கோடு வட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதுதான் உலகப் படத்தில் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கும் ஆர்க்டிக் வட்டம். டிரோம்சோ அதற்கும் வடக்கே, 69.6 பாகையில். அங்கே விலகல் 2,590 கிலோமீட்டர், வட்டத்தின் ஆரம் 2,220 மட்டுமே. கோடு வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஜூனில் முழு வட்டமும் வெளிச்சத்தில், டிசம்பரில் முழு வட்டமும் இருளில்.

துருவப் பகுதியில் பகல் "மிக நீளமாக" இருக்கிறது என்று பலர் சொல்வதைவிட, உதயமும் அந்தியும் அங்கே நிகழ வாய்ப்பே இல்லாமல் போகிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம் என்று எனக்குப் படுகிறது.

டிரோம்சோவின் டிசம்பர் ஆனாலும் கும்மிருட்டு அல்ல. ஆண்டின் மிக இருண்ட நாளில்கூட நண்பகலில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே மூன்று பாகைதான் தாழ்ந்திருக்கும். சில மணி நேரம் நீலம் பாய்ந்த அந்தி வெளிச்சம் கிடைக்கும். கணக்குப்படி ஜனவரி 15 வாக்கில் சூரியன் அடிவானத்தை எட்டுகிறது, ஆனால் தெற்கே மலைகள் மறைப்பதால் நகர மக்கள் அதை ஜனவரி 21 வாக்கில்தான் காண்கிறார்கள். அன்றைக்கு 'சூரிய நாள்' என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் உருண்டையான இனிப்புப் பன் தின்று கொண்டாடுகிறார்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள், மலைகளைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், பகல் இரண்டே முக்கால் மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குமேல் வளர்ந்துவிடும். நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குமேல். சிங்கப்பூர் ஓர் ஆண்டு முழுவதும் காணும் மாற்றத்தை டிரோம்சோ ஒரே நாளில் காண்கிறது.

இலவசமாக வரும் ஏழு நிமிடம்

கூர்ந்து படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். 12 மணி நேரத்திலிருந்து கூட 4 நிமிடம் 40 விநாடி, குறைய 4 நிமிடம் 40 விநாடி என்றால் சிங்கப்பூரின் குறுகிய பகல் 11 மணி 55 நிமிடமாக அல்லவா இருக்க வேண்டும்? அட்டவணையில் 12 மணி 3 நிமிடம் வருகிறதே?

ஆரஞ்சுப் பழத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் பூமியில் உண்டு. ஒன்று காற்று. அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி காற்று மண்டலத்தில் வளைகிறது. அதனால் சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நமக்கு மேலே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, உதயம் என்பதைச் சூரியனின் மேல்விளிம்பு தெரியும் கணத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம், அதன் நடுப்புள்ளியிலிருந்து அல்ல. இரண்டும் சேர்ந்து நம் பக்கத்தில் காலையும் மாலையுமாக ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பகலோடு சேர்த்துவிடுகின்றன. அதனால் சிங்கப்பூரில் இரவைவிடப் பகல் குறைந்த நாள் என்று ஆண்டில் ஒன்றுகூடக் கிடையாது. கோலாலம்பூரில் உண்டு, ஆனால் டிசம்பரில்கூடப் பகல் 11 மணி 56 நிமிடத்துக்குக் கீழே போகாது.

சரி, பகல் மாறாதபோது நம் உதய நேரம் ஏன் அரை மணி நேரம் அலைகிறது? அது வேறு கதை. சூரியன் உச்சிக்கு வரும் நேரமே கடிகாரத்தில் நகர்கிறது. சிங்கப்பூரில் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 12.48க்கு உச்சிக்கு வரும், பிப்ரவரி நடுவில் 1.19க்கு. பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் இருப்பதால் தன் பாதையில் சற்று வேகமாக ஓடுகிறது. அச்சின் சாய்வும் அந்த மாதங்களில் அதே திசையில் வேலை செய்கிறது. ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுதுவரை உள்ள நேரம் 24 மணியைவிடச் சில விநாடிகள் நீண்டு, அந்த விநாடிகள் நாள்தோறும் சேர்ந்து அரை மணி நேரமாகிவிடுகின்றன. உலகம் முழுவதும் இது நடக்கிறது. லண்டனில் பகல் மணிக்கணக்கில் மாறுவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. நமக்கு வேறு மாற்றமே இல்லாததால் இது மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது.

ஏழு மணிக்கும் இருட்டாக இருப்பதற்கு இன்னொரு காரணம் மனிதர்கள் செய்தது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போகத் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளியது.

பதினான்கு நிமிடத்தை அளந்த பயிர்

ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டு நிமிடமெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றலாம். நோன்பு வைக்கும் நம் அண்டை வீட்டாருக்கு ஆண்டின் எந்த மாதத்தில் ரமலான் வந்தாலும் நோன்பு நேரம் பதின்மூன்று மணிக்குச் சற்று மேல்தான். கோடை, குளிர்காலம் என்ற பேதம் நம் உடம்புக்குத் தெரியாது. நெல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

மலாக்காவில் ஆண்டு முழுவதும் பகல் மாறுவது வெறும் 14 நிமிடம். அங்கே 'சியாம் 29' என்ற நெல் ரகத்தை வெவ்வேறு மாதங்களில் நட்டுப் பார்த்து, ஜே. டோர் என்ற ஆய்வாளர் 1959இல் முடிவுகளை வெளியிட்டார். செப்டம்பரில் நட்ட பயிர் 161 நாளில் பூத்தது. ஜனவரியில் நட்ட அதே ரகம் பூக்க 329 நாள் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ இரு மடங்கு. மண்ணும் மழையும் மட்டும் இப்படிச் செய்துவிட முடியாது. நெல் குறும்பகல் பயிர். பகல் குறைந்து இரவு நீள்வதுதான் அதற்குப் பூக்கும் சமிக்ஞை. ஜனவரியில் நட்ட பயிர் வளர்ந்து தயாரானபோது பகல் நீளத் தொடங்கிவிட்டது. அந்தச் சில நிமிட நீளம் போதும், பயிர் பூக்காமல் இலை விட்டுக்கொண்டே நின்றது. ஆண்டுக் கடைசியில் பகல் மறுபடி குறைந்த பிறகுதான் கதிர் தள்ளியது.

விவசாயிக்கு இதன் பொருள் என்ன? நிலத்தில் பதினொரு மாதம் ஒரே பயிர் நின்றால் இரண்டாம் போகத்துக்கு இடமே இல்லை. தண்ணீர் இருந்தாலும் பயன் இல்லை. 1960களில் மலாயாவில் இருபோகச் சாகுபடிக்குத் தயாரானபோது, வாய்க்காலும் அணையும் மட்டும் போதவில்லை. பகலின் நீளத்தைச் சட்டை செய்யாத நெல் ரகங்களும் தேவைப்பட்டன. அப்படி வந்தவற்றில் ஒன்று மசூரி. மாயாங் எபோஸ் 80 என்ற மலாயா ரகத்தையும், பகல் நீளத்துக்கு அசையாத தைவானின் தைச்சூங் 65 ரகத்தையும் கலந்து உருவாக்கியது. இதே இரண்டின் கலப்பில் பிறந்த இன்னொன்று தமிழ்நாட்டுக்குப் போய் வெள்ளைப் பொன்னி என்ற பெயரில் வளர்ந்தது. நம் கடைகளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும் அந்தப் பொன்னிதான்.